ஒரு விடயம், இரண்டு கடிதங்கள்: தரம் 7 கடிதப் பாடம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உறவுக் கடிதத்தையும் அலுவலகக் கடிதத்தையும் தனித்தனி அலகாக எடுப்பதா, சேர்த்தா?

சேர்த்தே எடுக்கலாம். ஒரே விடயத்தை இரண்டு பேருக்கு எழுதச் சொல்லுங்கள், ஒருவர் வீட்டு ஆள், மற்றவர் கதிரையில் இருக்கும் அலுவலர். தனித்தனியாகக் கற்பித்தால் பிள்ளைகள் இரண்டு படிவங்களை மனப்பாடம் செய்துகொள்வார்கள். இடப்பக்கமா வலப்பக்கமா, 'அன்புள்ள'வா 'ஐயா'வா என்பதோடு பாடம் முடிந்துவிடும். விடயம் மாறாமல் வாசிப்பவர் மட்டும் மாறும்போதுதான், எதைச் சொல்வது, எதை விடுவது, எந்தச் சொல்லால் சொல்வது என்று பிள்ளை யோசிக்கத் தொடங்கும்.

விடயம் பிள்ளைக்குத் தெரிந்ததாகவும் ஓர் அலுவலகம் தீர்க்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும். எரியாத தெருவிளக்கு, அள்ளப்படாத குப்பை, நகரில் திரியும் மான்கள் பொலித்தீனைத் தின்பது, தரிப்பிடத்தில் நிற்காத பேருந்து என்று திருகோணமலையில் தேடாமலே கிடைக்கும். 'சுற்றாடலைப் பாதுகாப்போம்' போன்ற தலைப்பு வேண்டாம். அதில் வருவது கட்டுரை, கடிதம் அல்ல.

எத்தனை பாடவேளை தேவை? எப்படிப் பிரிக்கலாம்?

40 நிமிடப் பாடவேளை நான்கு. மூன்றில் முடிக்கலாம், ஆனால் திருத்தி எழுதும் நேரம் வெட்டுப்படும். இந்தப் பாடத்தில் பிள்ளை கற்பது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.

முதலாவது பாடவேளையில் எழுத்து வேலை வேண்டாம். முகவரி, விளி, முடிப்பு எதுவுமில்லாமல் உடற்பகுதி மட்டுமுள்ள ஆறு சிறு கடிதங்களைத் தனித்தனித் தாள்களில் எழுதி, ஆறு குழுக்களுக்கும் கொடுங்கள். 'இதை யார் யாருக்கு எழுதியிருப்பார்? எந்தச் சொல்லை வைத்துச் சொல்கிறீர்கள்?' என்ற இரண்டு கேள்விகள் போதும். 10 நிமிடம் வாசிக்க, 20 நிமிடம் குழுக்கள் சொல்ல, மிகுதி நேரத்தில் அவர்கள் காட்டிய சொற்களைக் கரும்பலகையில் இரண்டு நிரலாக எழுதுங்கள். ஆறில் ஒன்று மயக்கம் தருவதாக இருக்கட்டும், வகுப்பாசிரியருக்குப் பழைய மாணவி எழுதியது போல. அன்பும் மரியாதையும் ஒன்றாக வரும் அந்தத் தாளில்தான் வாதம் சூடு பிடிக்கும்.

இரண்டாவதில் உறவுக் கடிதத்தையும் மூன்றாவதில் அதே விடயத்தில் அலுவலகக் கடிதத்தையும் எழுதட்டும். நான்காவதில் கொப்பியைப் பக்கத்துப் பிள்ளையோடு மாற்றித் திருத்தி, திருத்திய பிரதியை எழுதட்டும். உறவுக் கடிதம் முதலில் வருவதற்குக் காரணம் உண்டு. பிள்ளை சொல்ல வேண்டியதெல்லாம் அதில் கொட்டிவிடும், அடுத்த நாள் அந்தக் குவியலிலிருந்து பொறுக்கினால் போதும். அலுவலகக் கடிதத்தில் தொடங்கினால் மூன்று வரியில் நின்றுவிடுவார்கள்.

மாதிரிக் கடிதம் ஒன்று தர முடியுமா?

உப்புவெளியில் ஓர் ஒழுங்கை, அதன் முகப்பில் எரியாத விளக்கு. பிள்ளை மூதூரில் இருக்கும் அம்மம்மாவுக்கு எழுதுவது இது. மேலே எழுதுபவரின் முகவரியும் திகதியும் மட்டும் வரும், பெறுபவரின் முகவரி உறையில்தான்.

அன்புள்ள அம்மம்மாவுக்கு,

நாங்கள் எல்லாரும் சுகம். உங்கள் முழங்கால் நோ இப்போது எப்படி? மாமி வாங்கித் தந்த எண்ணெயைப் பூசுகிறீர்களா, அல்லது போத்தல் அப்படியே இருக்கிறதா?

எங்கள் ஒழுங்கை முகப்பில் இருக்கிற லைற் மூன்று கிழமையாக எரிவதில்லை. ரியூசன் முடிந்து வர ஏழு மணியாகிவிடும். போன செவ்வாய்க்கிழமை தம்பி இருட்டில் சைக்கிளைக் குழிக்குள் விட்டு விழுந்துவிட்டான். முழங்கையில் நல்ல உரசல். அழவில்லை என்று எல்லாருக்கும் சொல்கிறான், ஆனால் அழுதான். இப்போது அப்பா ஒவ்வொரு நாளும் கேற்றடியில் ரோச்சோடு நிற்கிறார்.

தீபாவளிக்கு வரும்போது பின்னேரத்துக்கு முன்பே வந்துவிடுங்கள்.

உங்கள் அன்புப் பேரன்,
(பெயர்)

மறுநாள் இதே பிள்ளை பிரதேச சபைக்கு எழுதுகிறது.

(வீட்டு இலக்கம்), கடற்கரை ஒழுங்கை,
உப்புவெளி,
திருகோணமலை.
2025.10.06

தவிசாளர்,
பட்டினமும் சூழலும் பிரதேச சபை,
திருகோணமலை.

ஐயா / அம்மணி,

உப்புவெளி கடற்கரை ஒழுங்கை மின்விளக்கைத் திருத்தித் தருமாறு வேண்டுதல்

மேற்படி ஒழுங்கையின் முகப்பில், முன்பள்ளிக்கு எதிரேயுள்ள மின்கம்பத்தின் விளக்கு 2025.09.15 முதல் எரியவில்லை. மாலை வகுப்பு முடிந்து இரவு 7.00 மணியளவில் பிள்ளைகள் பலர் இவ்வழியாக வீடு திரும்புகின்றனர். இருளில் வீதியிலுள்ள குழி தெரியாமையால் 2025.09.30 அன்று சிறுவன் ஒருவன் துவிச்சக்கரவண்டியுடன் விழுந்து காயமடைந்தான்.

எனவே, இவ்விளக்கை விரைவில் திருத்தித் தருமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கின்றேன்.

நன்றி.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)
(பெயர்)

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பிள்ளைகளுக்கு எதைக் காட்டுவது?

முதலில், காணாமற் போனவற்றை. அப்பாவின் ரோச், தம்பி அழுதது, அம்மம்மாவின் முழங்கால் மூன்றும் சபைக்குப் போன கடிதத்தில் இல்லை. விளக்கைத் திருத்த அவை உதவமாட்டா. அம்மம்மாவுக்கு அவைதான் கடிதமே.

பிறகு, புதிதாக வந்தவற்றை. முன்பள்ளிக்கு எதிரேயுள்ள கம்பம் என்ற குறிப்பு அம்மம்மாவுக்குத் தேவையில்லை. திருத்த வரும் ஊழியருக்கோ அது இல்லாவிட்டால் எந்தக் கம்பம் என்றே தெரியாது. கம்பத்தில் இலக்கம் எழுதப்பட்டிருந்தால் அதையும் குறித்துவரச் சொல்லுங்கள், நல்ல வீட்டுவேலை.

மூன்றாவது, உருமாறியவை. 'மூன்று கிழமையாக' என்பது '2025.09.15 முதல்' ஆனது. கடிதம் கோவைக்குள் இரண்டு மாதம் கிடந்தாலும் திகதி பொய்க்காது, 'மூன்று கிழமை' பொய்த்துவிடும். 'தம்பி' 'சிறுவன் ஒருவன்' ஆனான், சபைக்கு அவன் தம்பியல்ல. லைற் மின்விளக்காகவும் சைக்கிள் துவிச்சக்கரவண்டியாகவும் மாறின. 'சைக்கிள்' என்று எழுதியதற்குப் புள்ளி குறைக்காதீர்கள் என்பது எங்கள் கருத்து. அது பிழையல்ல, தரம் சற்றுக் குறைந்த தெரிவு, அவ்வளவுதான்.

குழியையும் நிரப்பித் தரும்படி ஏன் கேட்கவில்லை என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். ஒரு கடிதத்துக்கு ஒரு கோரிக்கை. விளக்கும் வீதியும் சபைக்குள் வெவ்வேறு ஆட்களின் வேலையாக இருக்கலாம். ஒன்று முடிந்ததும் கோவை மூடப்பட்டு மற்றது தங்கிவிடும். குழிக்கு வேறு கடிதம்.

எழுதுபவர் முகவரி இடப்பக்கமா, வலப்பக்கமா? புத்தகத்துக்குப் புத்தகம் மாறுகிறதே.

இரண்டு வழக்கமும் உண்டு. உங்கள் பாடநூலில் உள்ளதை எடுத்து, வகுப்பு முழுவதும் அதையே பின்பற்றச் செய்யுங்கள். பக்கம் மாறியதற்காகக் கடிதம் திரும்பி வராது. திகதி இல்லாவிட்டால்தான் சிக்கல். திகதியை ஆண்டு, மாதம், நாள் என்ற ஒழுங்கில் எழுதுவது இங்குள்ள அலுவலகங்களின் வழக்கம்.

பிள்ளைகள் அலுவலகக் கடிதத்தில் திரும்பத் திரும்ப விடும் பிழை எது?

தலைப்புத்தான் முதலில். 'தெருவிளக்கு தொடர்பாக' என்று எழுதுவார்கள். எந்தத் தெரு, என்ன வேண்டும் என்ற இரண்டும் அதில் இல்லை. தலைப்பில் ஓர் இடப்பெயரும் 'வேண்டுதல்', 'முறையிடல்', 'அனுமதி கோரல்' போன்ற ஒரு செயற்பெயரும் கட்டாயம் என்று சொல்லிவிட்டால் இந்தப் பிழை ஒரே நாளில் நின்றுவிடும்.

அடுத்தது மேடைப் பேச்சு. 'பெருமதிப்பிற்குரிய தவிசாளர் அவர்களே, அனைவருக்கும் வணக்கம்' என்று தொடங்கி 'நன்றி வணக்கம்' என்று முடிப்பார்கள். தமிழ்த்தினப் போட்டிக்குப் பேச்சுப் பழகிய பிள்ளைகளிடம் இது கூடுதலாக வரும். பேச்சில் முன்னால் கூட்டம் இருக்கிறது, கடிதத்தை ஒருவர் தனியே வாசிக்கிறார் என்று ஒருமுறை சொன்னால் பிடித்துக்கொள்வார்கள்.

கெஞ்சலும் உண்டு. ஒரே பந்தியில் நான்கு 'தயவுசெய்து'. கோரிக்கை வாக்கியம் ஒன்றில் மட்டும் 'பணிவுடன்' வந்தால் போதும். இதன் மறுபக்கம் அதட்டல்: 'உடனே செய்ய வேண்டும்', 'ஏன் கவனிக்கவில்லை?' இதைத் திருத்தும்போது கோபம் பிழை என்று சொல்லாதீர்கள். அந்தக் கோபத்தைத் திகதியாகவும் சம்பவமாகவும் மாற்றி எழுதச் சொல்லுங்கள். '2025.09.15 முதல் எரியவில்லை' என்ற வரி அதட்டலை விட அழுத்தமானது.

'நாம்', 'நாங்கள்' இரண்டும் ஒன்றுதானே? ஏன் திருத்துகிறீர்கள்?

ஒன்றல்ல. 'நாம்' என்றால் கேட்பவரும் அதற்குள் அடக்கம், 'நாங்கள்' என்றால் அவர் வெளியே. 'நாம் இருளில் நடந்து செல்கிறோம்' என்று எழுதினால் தவிசாளரும் கூடவே நடக்கிறார். 'நமது பாடசாலை' என்று பிரதேச சபைக்கு எழுதுவதும் அப்படித்தான், 'எமது பாடசாலை' அல்லது 'எங்கள் பாடசாலை' என்பதே பொருந்தும். பேச்சில் பிள்ளைகள் இதைப் பிழையின்றிப் பிரிக்கிறார்கள். 'நாங்க போறம், நீ வா' என்பதற்கும் 'வா, நாம போவம்' என்பதற்கும் வித்தியாசம் அவர்களுக்குத் தெரியும். பேனை பிடித்ததும் 'நாம்' இலக்கணமானது போலத் தோன்றுவதால் எல்லா இடத்திலும் போட்டுவிடுகிறார்கள். அந்த இரண்டு பேச்சு வாக்கியங்களையும் கரும்பலகையில் எழுதிக் கேளுங்கள், விதியைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

அம்மம்மாவுக்கு எழுதும்போது இந்த வித்தியாசம் அழகாகப் பயன்படும். 'நாங்கள் எல்லாரும் சுகம்' என்பதில் அம்மம்மா இல்லை, அவர் சுகம் இன்னும் தெரியாது. 'தீபாவளிக்கு நாம் எல்லாரும் கோணேசர் கோயிலுக்குப் போவோம்' என்பதில் அவரும் இருக்கிறார்.

இதோடு ஒட்டிய இன்னொன்று எழுவாய், பயனிலைப் பொருத்தம். 'தாங்கள்' என்று தொடங்கி 'செய்து தருவாய்' என்று முடிவதும், 'நீங்கள்' என்று தொடங்கி அடுத்த பந்தியில் 'உனக்கு' வருவதும் நடக்கும். மாற்றித் திருத்தும்போது பக்கத்துப் பிள்ளை இந்தச் சொற்களுக்கு மட்டும் கீழ்க்கோடு இட்டாலே கண்ணில் பட்டுவிடும்.

உறவுக் கடிதத்தைப் பேச்சுத் தமிழில் எழுத விடலாமா?

வினைமுற்று எழுத்துவழக்கில் இருக்கட்டும், சொல் வீட்டில் புழங்குவதாக இருக்கட்டும். 'எரியுதில்ல' என்பதை 'எரிவதில்லை' ஆக்குங்கள், ஆனால் 'நோ', 'கிழமை', 'பின்னேரம்', 'கேற்றடி' ஆகியவற்றில் கைவைக்காதீர்கள். 'முழங்கால் வேதனை' என்று திருத்தினால் அம்மம்மாவுக்கு வந்தது வேறு யாரோ எழுதிய கடிதம். பேச்சைப் பேச்சாகவே கொண்டுவர விரும்பினால் மேற்கோளுக்குள் வைக்கலாம்: தம்பி, "நான் அழேல்ல" என்றான்.

முறைப்பெயரும் அப்படியே. கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து வகுப்பில் சில பிள்ளைகள் 'அன்புள்ள வாப்பாவுக்கு', 'ராத்தாவுக்கு' என்று எழுதி ஸலாத்தோடு தொடங்குவார்கள். அதை 'அன்புள்ள அப்பாவுக்கு' என்று மாற்றத் தேவையில்லை. தாளின் உச்சியில் பிள்ளையார் சுழி இட விரும்பும் பிள்ளை உறவுக் கடிதத்தில் இடட்டும், அலுவலகக் கடிதத்தில் அது வேண்டாம்.

'நலம், நலமறிய ஆவல்' என்ற தொடக்கம் பற்றியும் கேட்கிறார்கள். பிழையில்லை, ஆனால் முப்பத்தைந்து கொப்பியிலும் அதே வரி வரும். அந்த வரிக்குப் பதிலாக, பெறுபவரைப் பற்றி எழுதுபவருக்கு மட்டும் தெரிந்த ஒரு விடயத்தைக் கேள்வியாக எழுதச் சொல்லுங்கள். மேலே எண்ணெய்ப் போத்தல் வந்தது அப்படித்தான்.

யாருக்கு முகவரியிடுவது என்று பிள்ளைகள் குழம்புகிறார்கள். எல்லாரும் 'அரசாங்க அதிபர்' என்றே எழுதுகிறார்கள்.

மாவட்டத்தில் அவர்களுக்குத் தெரிந்த பெரிய பெயர் அதுதான். தெருவிளக்கும் குப்பையும் உள்ளூராட்சி சபையின் பொறுப்பு. ஆனால் எந்தச் சபை என்பது வீட்டைப் பொறுத்தது. நகருக்கு ஒரு சபை, அதைச் சூழ்ந்த உப்புவெளி போன்ற இடங்களுக்குப் பட்டினமும் சூழலும் பிரதேச சபை, நிலாவெளியிலிருந்து வரும் பிள்ளைக்குக் குச்சவெளிப் பிரதேச சபை. கிண்ணியாவில் நகர சபையும் பிரதேச சபையும் இரண்டும் உண்டு. வீட்டில் வரிப் பற்றுச்சீட்டு இருந்தால் சபையின் பெயர் அதில் இருக்கும், முதல் நாள் வீட்டுவேலையாகப் பார்த்து வரட்டும்.

ஆளின் பெயரை எழுதாமல் பதவியை எழுதப் பழக்குங்கள், பதவிக்கு ஆள் மாறினாலும் கடிதம் சேரும். பிரதேச சபையின் தலைவர் தவிசாளர். சபை கலைந்திருக்கும் காலத்தில் செயலாளருக்கு எழுத வேண்டும்.

தமிழில் எழுதினால் அலுவலகம் ஏற்குமா என்று ஒரு பெற்றோர் கேட்டார்.

ஏற்க வேண்டும். 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988இன் 16ஆவது திருத்தத்தின்படி வடக்கு, கிழக்கு மாகாணங்களில் தமிழ் நிருவாக மொழி. தமிழில் எழுதியவருக்குப் பதிலும் தமிழில் வர வேண்டும்.

எழுதிய கடிதங்களை உண்மையாகவே அனுப்பலாமா?

உறவுக் கடிதங்களை அனுப்புங்கள். உறையில் பெறுபவர் முகவரி நடுவிலும் முத்திரை வலப்பக்க மேல்மூலையிலும், அனுப்புபவர் முகவரி பின்புறத்திலும் வரட்டும். திருகோணமலைக்கு அஞ்சல் குறியீடு 31000.

அலுவலகக் கடிதம் வேறு கதை. ஒரே விளக்குக்கு முப்பத்தைந்து கடிதம் போனால் அது பயிற்சி என்று சபைக்கு விளங்கிவிடும். வகுப்பு ஒன்றைத் தெரிந்து, பெறுபவர் முகவரிக்கு மேலே 'அதிபர் ஊடாக' என்று எழுதி, அதிபரின் கையொப்பமும் இறப்பர் முத்திரையும் பெற்று அனுப்பட்டும். ஒரு பிரதியைப் பாடசாலைக் கோவையில் வையுங்கள். பதில் வந்தால் அதில் 'எனது இல.', 'உமது இல.' என்று இருக்கும். அடுத்த கடிதத்தில் அந்த இலக்கத்தைக் குறிப்பிட வேண்டும் என்பதையும் அப்போதே காட்டலாம். சுவரில் காட்சிப்படுத்தும் கடிதங்களில் வீட்டு இலக்கத்தை மறைத்துவிடுங்கள்.

புள்ளி எப்படி வழங்குவது?

ஒவ்வொரு கடிதத்துக்கும் பத்து: அமைப்புக்கு 3, விடயத்துக்கு 4, மொழிக்கு 3. அமைப்புக்கு ஐந்து கொடுக்கும் வழக்கத்தால்தான் வெறும் கூடு எழுதிய பிள்ளை சித்தியடைகிறது. அலுவலகக் கடிதத்தில் விடயத்துக்குரிய நான்கும் எங்கே, எப்போதிருந்து, யாருக்குப் பாதிப்பு, என்ன வேண்டும் என்ற நான்குக்கு. உறவுக் கடிதத்தில் பெறுபவரைப் பற்றிய விசாரிப்புக்கு 1, சம்பவத்தைக் கண்முன் நிறுத்துவதற்கு 3.

மொழிப் புள்ளியில் எல்லாப் பிழையையும் எண்ணாதீர்கள். இந்தப் பாடத்துக்கு இரண்டு சந்தி விதிகள் போதும்: 'ஐ' உருபுக்குப் பின்னும் 'கு' உருபுக்குப் பின்னும் க, ச, த, ப வந்தால் ஒற்று மிகும். விளக்கைத் திருத்தி, தங்களைப் பணிவுடன், கோயிலுக்குப் போவோம். கடிதத்தில் அடிக்கடி வருவன இவைதான். 'இங்ஙனம்' என்பதை 'இங்கனம்' என்று எழுதுவது மூன்றாவது. அதைக் கரும்பலகையின் மூலையில் நான்கு நாளும் அழிக்காமல் விட்டு வையுங்கள்.

பாடக்குறிப்பில் கற்றற்பேற்றை எப்படி எழுதுவது?

'மாணவர் கடிதம் எழுதும் முறையை அறிவர்' என்று எழுதினால் அறிந்தாரா இல்லையா என்று பார்க்க வழியில்லை. 'ஒரே சம்பவத்தை உறவினர் ஒருவருக்கும் அலுவலர் ஒருவருக்கும் எழுதி, இரண்டாவதில் விட்டவற்றுள் இரண்டையும் மாற்றிய சொற்களுள் மூன்றையும் காரணத்துடன் சுட்டிக்காட்டுவர்' என்று எழுதலாம். நான்காவது பாடவேளையின் கடைசிப் பத்து நிமிடத்தில், கொப்பியின் அடியில் அந்த ஐந்தையும் எழுதச் சொல்லி வாங்கிவிட்டால் கணிப்பீடும் முடிந்தது.

எழுதவே தயங்கும் பிள்ளைக்கு என்ன செய்வது?

முதலில் சொல்லட்டும். பக்கத்துப் பிள்ளையை அம்மம்மாவாக இருத்தி இரண்டு நிமிடம் விடயத்தைச் சொல்லவும், பிறகு அதே பிள்ளையைத் தவிசாளராக இருத்தி ஒரு நிமிடம் சொல்லவும் விடுங்கள். கேட்கும் பிள்ளை குறிப்பெடுத்துக் கொடுக்கட்டும். அந்தக் குறிப்பு கைக்கு வந்தால் எழுத ஏதோ இருக்கும். இரண்டாவது தடவையில் 'அம்மம்மா' என்று வாய்தவறி வந்து வகுப்பு சிரித்தால் சிரிக்கட்டும்.